சுண்ணாம்பு அமிலமா?

ஆம்பூர்ப் பள்ளியொன்றில் பதினோரு ஆண்டுகளாக அறிவியல் கற்பிக்கும் ஹெப்சிக்குத் தீராத ஏக்கம் ஒன்றுண்டு. பிள்ளைகள் மனத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அமிலமும் காரமும் என்ற பாடத்தைத் தொடங்குமுன், ஏழாம் வகுப்புக்கு மதிப்பெண் இல்லாத முன்தேர்வு வைத்தார். தோல் பதனிடும் டேனரியில் முடியை நீக்கப் போடும் சுண்ணாம்பு அமிலமா, காரமா, ஏன் என்று கேட்டிருந்தார்.

முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொருவர் அமிலம் என்றனர். “மாமா கை வெந்துபோச்சு, அதனால” என்று எழுதியிருந்தாள் ஜோயா.

“இன்னா டீச்சர், நடத்தாமலே டெஸ்டா?” என்றார் தலைமையாசிரியர் கிருபானந்தம்.

“சுடறதெல்லாம் ஆசிட்னு நெனைக்கிறாங்க சார். புக்குல இருக்கிற எலுமிச்சையை விட்டுட்டு சுண்ணாம்புலேருந்து ஆரம்பிக்கிறேன். ரெண்டு பீரியட் ஜாஸ்தி வேணும்.”

“ரெண்டுதான். போர்ஷன் நின்னா நான் பொறுப்பில்ல.”

மறுநாள், காரம் பட்டால் சிவக்கும் மஞ்சள்தூள் தடவிய தாள், தெளிந்த சுண்ணாம்பு நீர் பட்டதும் சிவந்தது. எலுமிச்சைச் சாறு பட்டது மஞ்சளாகவே இருந்தது.

“அப்போ ஆசிட் இல்லாததும் கையைச் சுடுமா மிஸ்?” என்றாள் ஜோயா.

“சுடும்மா” என்றார் ஹெப்சி. மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கிப் போன முந்தைய பத்து ஆண்டுப் பிள்ளைகளையும் திரும்ப அழைத்து, இந்த ஒரு கேள்வியைக் கேட்க முடியாதா என்றிருந்தது அவருக்கு.