ஹாகனுக்குப் போகும் பாதி

பிள்ளைகள், ரெயிலில் ஏறுமுன் பெட்டி வாசலில் எழுதியிருப்பதை நான் திரும்பத் திரும்ப வாசிப்பதைப் பார்த்து நீங்கள் சிரிப்பீர்கள். "அப்பா, எல்லாம் ஒரே ரெயின்தானே" என்பீர்கள். இல்லை. உங்கள் பெரிய மாமி, என் அக்கா, செத்த கதையை உங்களுக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். நீங்கள் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பவர்கள். மெதுவாக வாசியுங்கள்.

ஹனோவரிலிருந்து மேற்கே போகும் அந்த நீள ரெயில் உண்மையில் இரண்டு ரெயில்கள். கொழுவிக்கொண்டு வந்து, ஹம் சந்தியில் கழற்றிவிடுவார்கள். ஒரு பாதி ஹாகன் பக்கம் போகும், மற்றது டோட்முண்ட் பக்கம். இடையில் நடந்துபோக வழி இல்லை. மாறவேண்டுமென்றால் ஸ்ரேசனில் இறங்கி, மேடையால் ஓடிப்போய் ஏறவேண்டும்.

எங்கள் சனத்துக்கு இது தெரியவேண்டி வந்ததில்லை. வருசாவருசம் கோயில் தேருக்கு ஹம்மில்தான் இறங்குவோம். அதுவரைக்கும் எந்தப் பெட்டியும் சரி. தெரிந்த முகம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் இருப்போம்.

அக்காவை ஹாகனில் எரிப்பதாக இருந்தது. அங்கே ஊரைப் போல இல்லை. குறித்த நேரத்துக்குச் சவப்பெட்டியை மூடி உள்ளே எடுத்துவிடுவார்கள், அடுத்த குடும்பம் வாசலில் நிற்கும். எனக்கு அவளின் முகத்தை ஒருமுறை பார்க்கவேண்டும். என் அம்மா செத்த பிறகு ஊரில், இறுப்பிட்டியில், எனக்குச் சோறு தீத்தினவள் அவள்.

ஹனோவர் மேடையில் அத்தானின் அண்ணர் நின்றார், கையில் மலர்வளையத்தோடு. அவருக்கும் எனக்கும் ஒத்துவராது. அவர் கேட்கிறார் என்று அக்காவின் சீதனக் காணி வளவை விற்கக் கையெழுத்து வைக்காதே என்று அவளுக்குச் சொன்னது நான். ஆனாலும் செத்தவீட்டுக்குப் போகிற வழியில் அதையெல்லாம் யார் நினைப்பது?

"அண்ணை, இது ஹாகனுக்குப் போகுமோ?"

"ஓம், ஏறும் தம்பி. ஹம்முக்குப் போறதுதானே அங்கையும் போகுது."

பின்பாதியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அக்கா கடைசி நாளில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததைச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் அழுதேன். பீலவெல்டில் ரெயில் நின்றதும் எழும்பினார்.

"நீர் இரும். ஒரு சிகரட் பத்திட்டு வாறன்."

மலர்வளையத்தையும் தூக்கிக்கொண்டு இறங்கினார். சிகரட் பத்தப் போகிறவருக்கு மலர்வளையம் எதற்கு என்று எனக்கு ஓடவில்லை. ரெயில் வெளிக்கிட்டது, ஆளைக் காணவில்லை. கோப்பி குடிக்கிற பெட்டியில் ஏறியிருப்பார் என்று நினைத்தேன்.

ஹம்மில் கனநேரம் நின்றது. டொச்சுப் பாசையில் ஏதோ சொன்னார்கள். என்னை ஏறச் சொன்ன மனிசர் இதே ரெயிலில் இருக்கும்போது அதை நான் ஏன் காதில் வாங்கவேண்டும்? ஒரு சின்ன உலுக்கல். முன்னுக்கு ஏதோ ரெயில் போவது போலச் சத்தம். பிறகு நாங்களும் புறப்பட்டோம்.

ரிக்கற் பார்க்க வந்த பெண் தலையை ஆட்டினாள். ஹாகன் பாதி போய்விட்டது என்று கையால் முன்னே காட்டினாள்.

போன் எடுத்தேன்.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்?"

"நான் முன்பாதியிலை இருக்கிறன். ஏன், நீர் மாறேல்லையோ?"

"நீங்கள் சொல்லேல்லையே!"

"பெட்டி வாசலிலை கொட்டை எழுத்திலை கிடக்கு. காணி உறுதி எண்டால் மட்டும் உமக்கு வாசிக்கத் தெரியும், என்ன?"

போனில் அவருக்குப் பக்கத்தில் யாரோ சிரித்தது கேட்டது.

"அண்ணை, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். நான் வருமட்டும் மூடவேண்டாம் எண்டு அத்தானிட்டைச் சொல்லுங்கோ."

"வெள்ளைக்காரன் உமக்காகப் பாத்துக்கொண்டு நிப்பானோ? வளவிலை போய்க் குந்தியிரும், அக்கா அங்கை வருவா."

வைத்துவிட்டார். அத்தானின் போன் அணைத்திருந்தது.

டோட்முண்டில் இறங்கி, அங்கிருந்து ஹாகனுக்குச் சின்ன ரெயில் பிடித்து, ராக்சியில் போய்ச் சேர்ந்தபோது எரிக்கிற மண்டபத்துக் கதவு சாத்தியிருந்தது. வேறு ஒரு குடும்பம் கறுப்பு உடுப்போடு நின்றது. எங்கள் ஆட்கள் கார்களில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அத்தான் என்னைப் பார்த்தார். "கடைசியிலை உம்மைத்தான் கேட்டவ. ஒரு நாளைக்குக்கூட நேரத்துக்கு வர ஏலாதோ?"

அவரின் அண்ணர் என் தோளில் கை போட்டார். எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"பாவம், ரெயினிலை நித்திரையாப் போனவராம்."

"அக்கா கிடக்கிறா, இவருக்கு நித்திரை வந்திருக்கு" என்றாள் ஒரு மனிசி. நான் நடந்ததைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. பக்கத்தில் இருந்து அழுதுகொண்டு வந்த மனிசர் அப்படிச் செய்வாரா என்றார்கள்.

வீட்டுக்கு வந்தபோது நீங்கள் பள்ளிக்கூடத்தில், அம்மா வேலையில். சுடலைக்குப் போனவர்கள் தலை முழுகித்தான் வீட்டுக்குள் வரவேண்டும். முகம் பார்க்காதவனுக்கு அது உண்டோ தெரியாது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, உடுப்போடு குளியலறைக்குள் போய், பச்சைத்தண்ணீரைத் திறந்து தலையைக் கொடுத்தேன்.