ஆரோக்கியமேரியின் நாற்பது காசு

எழுபத்து நாலில் கும்மிடிப்பூண்டி ரோட்டோரம் அந்த ஓட்டலின் மாடி ஹாலில் சாப்பிட்ட யாரைக் கேட்டாலும் முதலில் கல்லாவில் இருந்த அம்மாவைத்தான் சொல்வார்கள். ஒல்லியான உருவம், வெளுத்த நீலப்புடவை, கழுத்தில் சிலுவை, நிமிர்ந்து பார்க்காமலே பில் போடுகிற வேகம். அதற்குமேல் அவரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆரோக்கியமேரி மீஞ்சூர்க்காரி. எட்டாவது வரை படிப்பு. கணவர் தாவீது அதே ஓட்டலில் மாடிக் கல்லாக்காரர். ஓட்டலுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு அறை, அதில்தான் இருவரும் மகள் செல்வியோடு குடியிருந்தார்கள். அறை முதலாளியுடையது. வேலை போனால் அறையும் போய்விடும்.

கீழே எல்லோரும் சாப்பிடுகிற ஹால். மாடியில் மெத்தை நாற்காலி, மின்விசிறி, வெள்ளை மேசைவிரிப்பு. புதிதாக வருகிற பாக்டரிகளின் என்ஜினீயர்களும் நெல்லூர் லாரி முதலாளிகளும் அங்கேதான் உட்கார்வார்கள். மாடியில் பரிமாற நூற்றுக்குப் பத்து சர்வீஸ் சார்ஜ். சாப்பாட்டுக்கு நூற்றுக்கு ஐந்து வரி.

தாவீது போட்ட கணக்கு எளிமையானது. நாலு பேர் சாப்பாடு எட்டு ரூபாய். எட்டுக்கு வரி நாற்பது காசு, எட்டுக்கே சர்வீஸ் எண்பது காசு. மொத்தம் ஒன்பது ரூபாய் இருபது காசு.

ஒரு நாள் காலை முதலாளி துளசிராமன் கல்லாவுக்கு வந்தார். "தாவீது, இனிமே சர்வீஸ மொதல்ல கூட்டு நைனா. எட்டு எம்பது ஆவுதா? அதுக்கு வரி போடு. நாப்பத்தி நாலு காசு. மொத்தம் ஒம்பது இருவத்தி நாலு."

"மொதலாளி, சர்க்காருக்கு நாம எதுக்கு வரி கட்றோம்? சாப்பாட்டுக்குத்தான். பரிமாறுனதுக்கு மேல வாங்குற நாலு காசு எங்க போவும்?"

"அது என் பேஜாரு. நீ போடு."

"போட மாட்டேன்."

அன்று சாயங்காலம் கோடை மழையில் தண்டவாளத்தைத் தாண்டும்போது தாவீது ரயிலில் அடிபட்டுச் செத்துப்போனார்.

பதினாறாம் நாள் முடிந்ததும் முதலாளி அறை வாசலில் வந்து நின்றார். குரல் தாழ்ந்திருந்தது. "மேரிம்மா, நீயே கல்லால குந்து. அறைய காலி பண்ண வாணாம். ஆனா புதுக் கணக்குதான்." மேரி மகளைப் பார்த்தாள். சரி என்றாள்.

முதல் நாள் மாடி சப்ளையர் மணவாளன் அவள் எழுதுவதை எட்டிப் பார்த்துச் சிரித்தான். "இன்னாக்கா, வரிய முன்னால போட்டா இன்னா, பின்னால போட்டா இன்னா? புரட்டிப் போட்டாலும் தோசை தோசைதானே!"

"ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குனா புரட்டுனாலும் ஒண்ணுதான்டா. மொதல்ல வரி போட்டு எட்டு நாப்பது, அதுக்கு சர்வீஸ் எம்பத்தி நாலு, அதுவும் ஒம்பது இருவத்தி நாலுதான். ஆனா ரெண்டையும் தனித்தனியா எட்டுலேர்ந்தே எடுத்துக்கினா ஒம்பது இருவது. கூட்டுறதுக்கு முந்தி வரிய எடுக்கிறியா, கூட்டுன அப்புறம் எடுக்கிறியா, அதான் விசயம்."

"நாலு காசுக்கு இவ்ளோ ரோசனையா?"

"அந்த நாலு காசுக்குத்தான் உங்க தாவீதண்ணன் சண்ட போட்டாரு."

மணவாளன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு தட்டை எடுத்துப் போனான்.

பகல் மூன்று மணி, சாப்பாட்டுக் கூட்டம் வடிந்த நேரம். மாடி ஜன்னலில் வெயில் வெள்ளையாய் நின்றது. முதலாளி பில் புத்தகத்தின் நகல் தாள்களையும் கல்லாவையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். மேல் தாள் வாடிக்கையாளருக்கு, அடியில் கார்பன் தாள் வழியாக விழுகிற நகல் ஓட்டலுக்கு. அன்று அவர் முகம் இறுகியது.

"மேரிம்மா, கல்லால டப்பு அதிகமா கீதே. நகல்ல ஒம்பது இருவதுன்னு எழுதி கீது. அவங்ககிட்ட ஒம்பது இருவத்தி நாலு வாங்கிகீற. நடுவுல அடிக்கலாம்னு பாத்தியா? இன்னிக்கி எடுக்க மறந்துட்டியா?"

மேரி நகலை வாங்கிப் பார்த்தாள். அவள் எழுதியது நாற்பத்து நாலு. விரலில் இன்னும் கார்பன் கறை இருந்தது. நகலில் நாற்பது என்றிருந்தது. அந்தச் சைபருக்குக் கீழே எலி வால் மாதிரி ஒரு சின்ன இழுப்பு. கல்யாணத்துக்கு முன் வந்த கடிதங்களில் தேதி எழுதும்போதெல்லாம் தாவீது இழுத்த வால்.

"நான் எழுதல, மொதலாளி."

"பின்ன உன் கார்பன் எழுதிச்சா? நாளைக்கி ஒரு பில்லு இப்டி வந்துச்சின்னா அறைய காலி பண்ணிக்கினு போ."

மறுநாள் துளசிராமனே கல்லா அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆறு பேர் சாப்பிட்ட பில் வந்தது. சாப்பாடு பன்னிரண்டு ரூபாய். மேரி அவர் பார்க்கவே எழுதினாள். சர்வீஸ் ஒன்று இருபது, ஆகப் பதின்மூன்று இருபது. அதற்கு வரி அறுபத்தாறு காசு. மொத்தம் பதின்மூன்று எண்பத்தாறு.

"நவுரு, நான் பிரிக்கிறேன்" என்றார் முதலாளி. கார்பன் தாளை எடுத்தார். அடியில் வரி அறுபது காசு, மொத்தம் பதின்மூன்று எண்பது. சைபர்களுக்கு வால்.

ஹாலில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மணவாளன் கையிலிருந்த டம்ளரில் தண்ணீர் தளும்பிக்கொண்டே இருந்தது, அவன் அசையாமல் நின்றும்.

"குடுடீ அத" என்று பென்சிலைப் பிடுங்கினார் முதலாளி. எட்டு ரூபாய் சாப்பாடு ஒன்றைத் தானே எழுதினார். ஒவ்வொரு எண்ணையும் தாள் கிழியுமளவுக்கு அழுத்தினார். நாற்பத்து நாலு. ஒன்பது இருபத்து நாலு. பிரித்தார்.

நாற்பது. ஒன்பது இருபது. அவருடைய கொழுத்த எழுத்தில் இல்லை. தாவீதின் எழுத்தில்.

நகல் தாள் ஈரமாக இருந்தது. மழையில் நனைந்த தாள் மாதிரி! வெளியே சித்திரை வெயில்.

துளசிராமன் எழுந்தார், நாற்காலி பின்னால் விழுந்தது. "சாப்பாட்டுக்கு மட்டும் வரி போடு. அவன் கணக்கே போடு" என்றார். அதற்குள் படி இறங்கியிருந்தார். கீழே வேகமாய் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

மணவாளன் மெல்ல அருகில் வந்தான். "அக்கா... பயமா கீதுக்கா. அண்ணன் இங்கதான் கீறாரா?"

மேரி பில் புத்தகத்தை இழுத்துக்கொண்டாள். அடுத்த பில்லில் எட்டு ரூபாய்க்கு நாற்பது காசு வரி என்று எழுதினாள், எண்பது காசு சர்வீஸ், மொத்தம் ஒன்பது இருபது. நகலைப் பிரித்துப் பார்த்தாள். அதே ஒன்பது இருபது. ஆனால் அது அவளுடைய எழுத்து. சைபர்கள் வட்டமாய், வாலில்லாமல்.

அதற்குப் பிறகு வந்த எல்லா நகல்களும் அப்படியேதான். காசு சரியாக இருந்தது. அறை நிலைத்தது. செல்விக்குப் பள்ளிக்கூடம் போக இடமிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய நாள்தானே!

ஆனால் மூன்று மணிக்கு ஹால் காலியானதும் அவள் ஒன்று செய்தாள். யாரும் கேட்காத ஒரு பில் எழுதினாள். எட்டு ரூபாய் சாப்பாடு. சர்வீஸைக் கூட்டினாள். வேண்டுமென்றே நாற்பத்து நாலு போட்டாள். ஒன்பது இருபத்து நாலு. கார்பனைத் தொட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். தாவீதுக்கு இது பிடிக்காது. கண்டிப்பாக மறுத்து எழுதுவார்.

பிரித்தாள்.

நாற்பத்து நாலு. அவளுடைய கையெழுத்தில், தெளிவாக, உலர்ந்து.

எண்பதின் சைபரில் வால் தேடினாள், இல்லை. பிறகு இரண்டு தாள்களின் மேலும் குறுக்குக் கோடு போட்டு, "ரத்து" என்று எழுதினாள்.