தட்கலில் வந்த தாத்தா

மகளுக்கு மருத்துவர் பிரசவ நாள் குறித்துச் சொன்ன அன்று, நான் முதலில் தேடிய பொருள் என் பாஸ்போர்ட். அது காலாவதியாகி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. மகள் இருப்பது துபாயில். முதல் பிரசவத்துக்கு உடனிருப்பதாக வாக்களித்தவள் என் மனைவி. அவள் பங்குனியில் காலமாகிவிட்டதால், அந்த வாக்கு மற்ற உடைமைகளோடு என்னிடம் வந்து சேர்ந்தது. நான்கு வாரங்கள் இருந்தன.

ராஜபாளையத்தில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கணினி மையத்துக்குப் போனேன். அடுத்த வீட்டு இரும்புக் கடை அண்ணாச்சியும் உடன் வந்தார். அவருக்கும் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது, இலங்கைக்குச் சுற்றுலாவாம். ஓய்வுபெற்ற பேராசிரியன் தனியாகப் படிவம் நிரப்பினால் அடிக்குறிப்பு சேர்த்துவிடுவான் என்பது அவர் கருத்து.

“சாதாரணம்னா ஆயிரத்தைந்நூறு. தட்கல்னா மேல ரெண்டாயிரம். எதுல போடட்டும் சார்?” என்று கேட்டாள் கணினியின் முன் இருந்த பெண்.

“ரெண்டாயிரத்துக்கு என்னத்தக் கூடுதலாத் தருவாக? அட்டையில தங்க முலாமா?” என்றார் அண்ணாச்சி.

“அட்டை அதே அட்டைதான் அண்ணாச்சி. நேர்ல போறதுக்குச் சீக்கிரம் தேதி கெடைக்கும். போலீஸ் விசாரணை வேண்டியிருந்தாலும், மொதல்ல புத்தகத்த அனுப்பிட்டு, பொறவு விசாரிப்பாங்க. ஆனா குடுக்கலாமா வேண்டாமான்னு சொல்றது அங்க இருக்கிற அதிகாரிதான். காகிதத்துல கொறை இருந்தா தட்கலும் நிக்கும்.”

அண்ணாச்சிக்குப் பழைய முகவரி, பழைய விவரங்கள், மாற்றமென்று எதுவுமில்லை. அவர் சாதாரண வழியையே தேர்ந்தார். எனக்கு முகவரி மாறியிருந்தது. பழைய பாஸ்போர்ட் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் இருந்தபோது எடுத்தது. அந்தப் பெண் தட்டச்சுச் செய்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றாள்.

“சார், திருமண நிலை… பழசுல உள்ளபடியே போட்டுட்டேன்.”

“மாற்ற வேண்டும்,” என்றேன். இறப்புச் சான்றிதழின் நகல்கள் மூன்று என் பையில் இருந்தன. அந்த மாதங்களில் குடையைப் போல அவற்றை எங்கும் எடுத்துச் சென்றேன்.

அவள் பட்டியலை இறக்கி, உரிய சொல்லைத் தேர்ந்து, அடுத்த கட்டத்துக்குப் போனாள். அண்ணாச்சி மின்விசிறியின் தயாரிப்பு விவரங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

தட்கலில் எனக்குச் செவ்வாய்க்கிழமை இடம் கிடைத்தது. அண்ணாச்சிக்குச் சாதாரண வரிசையிலேயே, யாரோ விட்டுக்கொடுத்த இடம், அதே செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மதுரைக்கு இருவரும் ஒரே பேருந்தில் போனோம். கல்லுப்பட்டி வரை அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

அலுவலகத்தில் எங்களை ஒரே கூடத்தில், ஒரே நிற நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள். முதல் முகப்பில் புகைப்படமும் கைரேகையும், இரண்டாவதில் காகிதச் சோதனை, மூன்றாவதில் தீர்ப்பு. தட்கலுக்கென்று அடையாளச் சான்றுகள் மூன்று கேட்டார்கள், கொடுத்தேன். கூடுதல் இரண்டாயிரத்தை இணையத்தில் வாங்கியிருக்கவில்லை. இந்த விண்ணப்பம் தட்கலுக்குத் தகும் என்று ஏற்ற பிறகே அங்கே வாங்கினார்கள். பணம் கொடுத்தால் மரியாதை கிடைக்கும் என்று எண்ணியிருந்தேன். பணத்துக்கே அங்கே தகுதித் தேர்வு இருந்தது.

ஒப்புதலாகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடக்கூடும் என்று நம்பினேன்.

அந்த வெள்ளிக்கிழமைதான் என் படிப்புக்கேற்ற பிழையைச் செய்தேன். மகள் பிரசவ லேகியம் கேட்டிருந்தாள். அவள் அம்மா சொல்லிக்கொண்டிருந்த நாட்டு மருந்துக் கடை ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிக்கு அருகே. காலையில் போய் மதியத்துக்குள் திரும்பலாம் என்று கணக்கிட்டேன். கடைக்காரர் லேகியத்தை விடப் பத்தியத்தை அதிகம் தந்தார். அதைக் குறித்துக்கொண்டு பேருந்தில் ஏறியபோதுதான் கைப்பேசியைப் பார்த்தேன். பாஸ்போர்ட் உறை விநியோகத்துக்குப் புறப்பட்டுவிட்டதாகக் காலை பத்து மணிக்கே செய்தி வந்திருந்தது.

வீட்டு வாசலில் அண்ணாச்சி நின்றார். கையில் கருநீலப் புத்தகம். அது அவருடையது.

“ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சு சார். எங்கிட்டக் குடுங்கன்னு தபால்காரர்ட்டச் சொன்னேன். அவிய கையிலதான் குடுக்கணும்னுட்டாரு. கதவு பூட்டியிருக்குன்னு எழுதிக் கொண்டுபோயிட்டாரு.” பிறகு, அடக்க முடியாமல், “ரெண்டாயிரம் எனக்கு மிச்சம்,” என்றார்.

ஓய்வுபெற்ற பின் நான் ஓடியது அன்றுதான். அஞ்சலகத்தில் தபால்காரர் திரும்பிவந்து அன்றைய கணக்கை ஒப்படைத்துவிட்டிருந்தார். என் உறை பூட்டிய இடத்தில் இருந்தது.

“நாளைக்குக் காலையில அடையாள அட்டையோட வாங்க சார், இங்கயே வாங்கிக்கிடலாம். ஏழு நாள் வச்சிருப்போம்,” என்றார் முகப்பில் இருந்த எழுத்தர்.

“இது தட்கல்,” என்றேன். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது.

அவர் பொறுமையானவர். “அச்சடிக்கிறதுதான் தட்கல் சார். எங்களுக்கு எல்லா உறையும் ஒரே ஸ்பீடு போஸ்ட்டுதான். வீட்டுல ஆள் இருக்கறதுக்கு யாரும் கட்டணம் போட முடியாதுல்லா?”

மறுநாள் வாங்கினேன். திங்களன்று பயண முகவரிடம் விசாவுக்குக் கொடுத்தேன். அவரும், “எக்ஸ்பிரஸ்ல போடவா சார்?” என்று கேட்டார். “அது எதற்கு உத்தரவாதம் தரும்?” என்றேன். அவர் நேர்மையாக, “சீக்கிரமாப் பாப்பாங்க. குடுப்பாங்கன்னு நான் சொல்ல முடியாது,” என்றார். நாட்கள் இருந்தன, சாதாரணத்திலேயே போட்டேன். அந்த வாரமே வந்தது. மருத்துவர் குறித்த நாளுக்கு ஐந்து நாட்கள் முன்பே லேகியத்துடன் மகள் வீட்டில் இருந்தேன்.

குழந்தைதான் வரவில்லை. குறித்த நாள் கடந்து நான்கு நாட்கள் ஆயின. “உங்க பேத்தியோ பேரனோ, சாதாரண வரிசையில போட்டிருக்கு அப்பா,” என்றாள் மகள். ஐந்தாம் நாள் காலையில் மருத்துவமனைக்குப் போனோம். மருமகன் அவளுடன் உள்ளே போனார். நான் வெளியே நாற்காலியில் இருந்தேன்.

பதினொரு மணிக்குக் கைப்பேசி ஒலித்தது. அறியாத எண்.

“சார், ஸ்டேஷன்ல இருந்து பேசுதேன். பாஸ்போர்ட்டு விசாரணைக்கு உங்க வீட்டுக்கு வந்தேன். பூட்டியிருக்கு. பக்கத்து வீட்டு அண்ணாச்சிதான் நம்பர் தந்தாரு.”

தட்கல் போலீஸை நீக்குவதில்லை, ஒத்திப்போடுகிறது என்று கணினி மையத்துப் பெண் சொல்லியிருந்தாள். துபாயில் இருப்பதைச் சொன்னேன்.

“அப்ப பாஸ்போர்ட்டு நல்லாத்தான் வேலை செய்யுது,” என்றார் அவர். பின்னால் அண்ணாச்சி சிரிப்பது கேட்டது. “ஆளில்லன்னு எழுதி அனுப்புனா உங்களுக்கு நோட்டீஸ் வரும் சார். நாள் இருக்கு, நான் எழுதல. வந்த ஒடனே ஸ்டேஷன் பக்கம் வந்துருங்க. நெலையான முகவரி இதுதான?”

“இதுதான்.”

“வீட்டுல வேற யாரு இருக்கா? ஒரு வார்த்த கேட்டுக்கிட்டுப் போயிருவேன்.”

இந்தக் கேள்விக்குக் கணினி மையத்தில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் தேர்ந்தால் போதும். இங்கே நானே சொல்ல வேண்டியிருந்தது.

“யாருமில்லை,” என்றேன்.

அவர் அதைக் குறித்துக்கொண்டார் போலும். “சரி சார். பொறவு பாப்போம். அங்க என்ன விசேஷமா?”

பதில் சொல்லுமுன் எதிர்க் கதவு திறந்தது. மருமகன் முகக்கவசத்தைக் கழற்றாமலேயே, “மாமா, பொண்ணு,” என்றார். “அத்தைக்கு இருந்த மாதிரியே நெத்தி.”

கைப்பேசி இன்னும் காதில் இருந்தது. காவலரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதை அணைத்து, கைகளைக் கழுவப் போனேன்.