பூட்ஸுக்கு இல்லை

ஸ்பானிஷ் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. அது என்னவென்று யாருக்கும் தெரியாது, அதுதான் காரணம். 2004-இல் நான் ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். படுக்கை விரிப்பு மாற்றுவேன், துணி காயப்போடுவேன், சாயங்காலம் பஸ் பிடித்து மரக்காணம் திரும்புவேன். விடுதிக்குப் பக்கத்தில் குடியிருந்த ஸ்பெயின் நாட்டு அம்மா ஒருவர் வேலை முடிந்தவர்களுக்கு இலவசமாக வகுப்பு எடுத்தார். முதல் வாரமே, கூடப் படித்த ஒரு கணக்காளர், இங்கிலீஷே சரியாக வராத எனக்கு இது எதற்கு என்று அக்கறையோடு கேட்டார். மறுநாளிலிருந்து நான் முதல் வரிசையில்தான் உட்கார்ந்தேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, 'பொர்' என்றும் 'பாரா' என்றும் இரண்டு சின்னச் சொற்கள் வரும்வரை. இங்கிலீஷில் இரண்டுக்கும் 'ஃபார்' ஒன்றே போதும் என்பதால் மற்றவர்கள் திணறினார்கள். டீச்சர் நான்கு பால்பவுடர் டின்களை மேசைமேல் வைத்தார். காரணம், கெடு, பெறுபவர், ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் கைமாற்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். நாங்கள் துண்டுக் காகிதத்தில் வாக்கியம் எழுதி சரியான டின்னில் போட வேண்டும். காரணமும் கைமாற்றும் 'பொர்'. கெடுவும் பெறுபவரும் 'பாரா'. மழையால் வேலை இல்லை என்றால் பொர். அதில் எனக்குச் சிக்கலே வரவில்லை, தமிழில் 'ஆல்' என்று வந்தால் நேராகக் காரண டின்தான். மற்ற மூன்றில் மாட்டிக்கொண்டேன். ஐம்பது ரூபாய்க்கு மீன் வாங்கினேன் என்பதற்கு 'பாரா' போட்டு, அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பெறுபவர் டின்னில் போட்டேன். ஐம்பது ரூபாய் மீன் சாப்பிடுமா என்று கணக்காளர் சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எழுந்துபோய்ப் பலகையில் தமிழில் மூன்று வரி எழுதினேன். அம்மாவுக்கு மீன். வெள்ளிக்கிழமைக்கு மீன். ஐம்பது ரூபாய்க்கு மீன். மூன்றிலும் ஒரே 'க்கு'வின்கீழ் கோடு போட்டேன். என் மொழியில் ஒரு தப்பும் இல்லை, உங்கள் மொழிதான் ஒன்றை இரண்டாகப் பிளக்கிறது என்று எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் சொன்னேன். மரியாதைக் குறைச்சலாகத்தான் இருந்திருக்கும்.

டீச்சருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனாலும் அந்த மூன்று கோடுகளையும் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, இனிமேல் நீ இங்கிலீஷ் வழியாக வராதே, உன் 'க்கு'விடமே கேள் என்றார். பொருள் ஒருவரிடமோ ஒரு நாளிடமோ போய்ச் சேர்கிறதா, அப்படியானால் பாரா. ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுக்கிறார்களா, அப்படியானால் பொர். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காதில் விழுந்த ஒவ்வொரு 'க்கு'வையும் பிடித்து டின்னில் போட்டுக்கொண்டே போனேன். கீழ்புத்துப்பட்டில் ஏறிய ஒரு பாட்டி, கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரியிடம், பூ முழம் என்ன விலைக்கு என்று கேட்டாள். பொர். யாருக்கு வாங்குற என்று பூக்காரி திருப்பிக் கேட்டாள். பாரா. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில்தான் கடல் உள்ளே வந்தது. எங்கள் ஊர் உப்பளப் பாத்திகளெல்லாம் சேறு. என் சித்தியின் வீட்டுக்காரர் அன்று காலையில் கரைப்பக்கம் போனவர், திரும்பி வரவில்லை. சித்தி உப்பு வாருகிறவள். அழுதாள், எல்லோரையும்போல அழுதாள். அப்புறம் பாத்தியில் சேறு அள்ள ஆள் கூப்பிட்டபோது முதல் ஆளாகப் போய் நின்றாள். அவரைப் பற்றி வெளியாட்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

உதவி என்று வந்த வண்டிகள் முதலில் மீனவக் குப்பங்களுக்குத்தான் போயின. உப்பளத்துக்காரர்கள் மீனவர்கள் இல்லையே. மறு வருஷம் வெயில் ஏறிய காலத்தில்தான் ஒரு சின்ன ஸ்பானிஷ் குழு எங்கள் பக்கம் எட்டிப்பார்த்தது. உப்புத் தண்ணீரில் நின்று நின்று பெண்களின் கால் வெடித்துப் புண்ணாகிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு ரப்பர் பூட்ஸ் தருவதாகச் சொன்னார்கள். மொழிபெயர்க்க ஆள் தேடியபோது டீச்சர் என்னைக் கைகாட்டினார். நன்றாகச் செய்தால் குழுவிலேயே நிரந்தர வேலை என்று, அவர்களுக்கு இங்கே உதவிய உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் சொல்லியிருந்தார். எனக்கு அந்த வேலை வேண்டும். இனி ஒரு படுக்கை விரிப்பைக்கூட உதறக் கூடாது என்று அப்போதே முடிவு கட்டியிருந்தேன்.

உப்பளத்து மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. பூட்ஸ் மூட்டைகள் வண்டிக்குள்ளேயே இருந்தன. குழுவின் தலைவி இறங்கினார், என் அம்மா வயதிருக்கும், முகத்தில் வஞ்சகம் இல்லாதவர். பின்னாலேயே வீடியோ கேமராவோடு ஓர் ஆள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து, படத்துக்கென்று எடுத்த ஒரு ஜோடி பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, கடல் வந்த நாளில் யாரை இழந்தோம் என்று சொல்லி, நன்றி சொல்ல வேண்டுமாம், அதன் பிறகுதான் மூட்டையை இறக்குவார்களாம். பணம் கொடுத்தவர்கள் ஸ்பெயினில் காத்திருக்கிறார்கள், படம் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும் என்றார் தலைவி. 'பாரா எல் வியெர்னெஸ்'. கெடு டின். நான் அப்படியே தமிழில் சொன்னேன்.

முதலில் யாரைக் கூப்பிடுவது என்பதை ஒருங்கிணைப்பாளர் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். வீட்டுக்காரரைப் பறிகொடுத்தவள் என்று சித்தியைக் கைகாட்டினார். சித்தி நகரவில்லை. கேமராக்காரர் அவளிடம் வந்தார். சித்தி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஒருங்கிணைப்பாளர் என் பக்கத்தில் வந்து, அந்தம்மா கூச்சப்படுது, சந்தோஷத்துல பேச்சு வரலன்னு சொல்லிடும்மா என்றார் தாழ்ந்த குரலில். ஒருத்தி மாட்டேன் என்றால் மற்றவர்களும் பின்வாங்குவார்கள், அப்புறம் யாருக்கும் பூட்ஸ் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அந்தப் பொய்யைச் சொல்ல ஸ்பானிஷ் எனக்குத் தாராளமாக வரும். நான் சொல்லவில்லை. தலைவியைப் பார்த்து, வகுப்பில் கேட்பதுபோல, ஒரு கேள்வி கேட்டேன்.

"லாஸ் போத்தாஸ் சோன் பாரா எய்யாஸ், ஓ சே லாஸ் தான் பொர் எல் விதெயோ?"

இந்த பூட்ஸ் இவங்களுக்கா, இல்லை வீடியோவுக்கா? தமிழில் கேட்டால் இரண்டும் 'க்கு'தான், வழுக்கிக்கொண்டு போய்விடலாம். ஸ்பானிஷில் வழுக்க இடம் கிடையாது. ஒன்று இந்தப் பெண்கள் பெறுபவர்கள், இல்லையென்றால் இது கைமாற்று. எந்த டின் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தலைவியின் முகம் சிவந்துபோனது. இது வியாபாரம் இல்லை என்றார். பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்துக் கொடுத்தது, அவர்களுக்கு ஒரு நன்றி போதும், நன்றிக்கும் எங்கள் மொழியில் பொர்தானே என்றார். உண்மைதான், 'கிராசியாஸ் பொர்' என்றுதான் வரும். ஆனால் அது காரணத்தின் பொர், கைமாற்றின் பொர் அல்ல. பூட்ஸ் கைக்கு வந்த பிறகு அதன் காரணமாக மனசிலிருந்து வருவது நன்றி. மூட்டையை வண்டிக்குள் வைத்துக்கொண்டு, முதலில் சொல், பிறகு தருகிறேன் என்றால் அது விலை. இதை நான் திக்கித் திக்கித்தான் சொன்னேன், இரண்டு இடத்தில் வினைச்சொல் தப்பு. சொல்லாமல் விடவில்லை.

சித்தி முந்தானையை விலக்கினாள். என்ன பேசிக்கிறீங்க என்று கேட்டாள். சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, நேராகத் தலைவியைப் பார்த்துப் பேசினாள்.

"பூட்ஸுக்கு எங்க வீட்டுக்காரர எடுத்துக் குடுக்க மாட்டேன்னு சொல்லு."

அந்த 'க்கு' எந்த டின் என்று நான் யோசிக்கக்கூட இல்லை. 'பொர் உனாஸ் போத்தாஸ்' என்று வாயில் வந்துவிட்டது. கேமராக்காரர் தானாகவே கேமராவை இறக்கினார்.

ஒருங்கிணைப்பாளர் நாளையிலிருந்து நீ வரவேண்டாம் என்றார். வரமாட்டேன் என்றேன். தலைவி வண்டியில் ஏறினார். மூட்டைகளோடு வண்டி போய்விட்டது. வந்த பொருளை விரட்டிவிட்டாளே என்று இரண்டு மூன்று பெண்கள் என் காதுபடவே திட்டினார்கள். அவர்கள் கால் அப்படி. அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தலையைக் குனியவும் இல்லை. சித்தி வெறுங்காலோடு பாத்தியில் இறங்கி விட்ட இடத்திலிருந்து உப்பை வாரினாள். எனக்குப் பயமாக இருந்தது. வேலை போனதைவிட, அந்தக் கால்களுக்கு பூட்ஸ் வராமல் போனதற்கு நான்தான் காரணமாகிவிட்டேனோ என்ற பயம்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. ஒருங்கிணைப்பாளர் இல்லை, கேமரா இல்லை. தலைவியும் டிரைவரும் மட்டும். இருவரும் சேர்ந்து மூட்டைகளை இறக்கிக் கொட்டகை வாசலில் வைத்தார்கள். யாரோ வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தலைவி மூட்டைகளைக் காட்டினார். "சோன் பாரா எய்யாஸ்" என்றார். இவங்களுக்குத்தான். என் வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பெண்கள் அளவு பார்த்து எடுத்துக்கொண்டார்கள். என்னைத் திட்டியவளே எனக்கும் ஒரு ஜோடி வேண்டுமா என்று கிண்டல் செய்தாள். சித்தி கடைசியாக வந்தாள். அவளுக்குக் கிடைத்தது ஒரு சைஸ் பெரிசு. போட்டுக்கொண்டு நாலடி நடந்து பார்த்தாள், தொப் தொப்பென்று சத்தம் வந்தது. அவளே சிரித்துவிட்டாள். பல மாதம் கழித்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

வண்டி கிளம்பும் நேரத்தில் சித்தி உப்புக் குவித்திருந்த அம்பாரத்துப் பக்கம் போய், ஒரு பையில் நல்ல கல் உப்பாகப் பொறுக்கி நிரப்பிக்கொண்டு வந்தாள். ஜன்னல் வழியாகத் தலைவியின் மடியில் வைத்தாள். அவர் பதறிப்போய் என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அவர் மனசிலும் நான்கு டின்கள் உட்கார்ந்துவிட்டன, இது எதில் விழும் என்று தெரியாமல் தவிக்கிறார். நான் வாயைத் திறக்குமுன் சித்தி என் தோளைத் தட்டினாள்.

"இது பூட்ஸுக்கு இல்ல, அவங்களுக்குன்னு சொல்லு."

நான் சொன்னேன். முதல் 'க்கு'வுக்குப் பொர், இரண்டாவதற்கு பாரா. இரண்டையும் அழுத்திச் சொன்னேன்.