பாதி வாக்கியம்

கல்யாண வீடியோக்களுக்கு வர்ணனை எழுதி, நானே பேசியும் கொடுப்பது என் பிழைப்பு. மணமக்களை வாழ்த்தி வாழ்த்தி நாக்கு தித்தித்துப் போயிருந்த சமயத்தில்தான், கம்பத்தில் விமான டிக்கெட் ஏஜென்சி நடத்தும் அந்த மனிதர் என்னைத் தேடி வந்தார். முதல்முறை விமானம் ஏறுகிறவர்களுக்கு வழிகாட்டும் வீடியோ வேண்டுமாம். உருப்படியான வேலை என்று நம்பி ஒத்துக்கொண்டேன்.

விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை நடக்கும் இடத்தில் படம் எடுக்க விடமாட்டார்கள். அதனால் பழனிசெட்டிபட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்தோம். 'புறப்பாடு', 'குடியேற்றம்', 'பாதுகாப்புச் சோதனை' என்று பலகைகளை பிளெக்ஸில் அடித்து மாட்டி, ஒவ்வொன்றையும் நெருக்கத்தில் எடுத்தோம். பையும் போனும் வைக்கும் தட்டுகளுக்கு மண்டபத்துச் சமையல்கட்டுத் தட்டுகளையே அவர் கொண்டுவந்தார். முந்தின நாள் சாம்பார் காய்ந்து ஒட்டியிருந்தது. கழுவச் சொன்னால், "வீடியோவுல வாடையா வரப் போகுது?" என்று சிரித்தார்.

பயணியாக நடித்தவர் அனுமந்தன்பட்டிக்காரப் பெண்மணி. துபாயில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போக, ஏஜென்சிக்காரரிடம்தான் டிக்கெட் போட்டிருந்தார். வீடியோவில் நடித்தால் வழியும் பழகிவிடும் என்று சொல்லி அவர்தான் அந்த அம்மாளை அழைத்து வந்திருந்தார். பழகட்டும் என்ற எண்ணம் ஏஜென்சிக்காரருக்குக் கொஞ்சமும் இல்லை என்பது முதல் காட்சியிலேயே தெரிந்தது.

"ஏ ஆத்தா, ஊறுகா பாட்டில கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழு. சனம் சிரிக்கணும்," என்றார்.

"அழுக வேண்டாம்க்கா," என்றேன் நான். "ஊறுகாயைப் பெரிய பெட்டியில் வச்சு கவுண்டர்லயே போட்டுடுங்க. கையில வேண்டாம். பவர் பேங்க் மட்டும் கைப்பையில இருக்கணும், பெட்டியில வைக்கக் கூடாது." அந்த அம்மாள் இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சோதனை வாசலாக நாங்கள் நிறுத்தியிருந்த சட்டத்துக்கு வந்தபோது அந்த அம்மாள் நின்றுவிட்டார். கை தன்னாலே கழுத்துக்குப் போனது.

"தாயி, இரும்பு, தங்கம் எதுவும் இருந்தா கத்துமாமே. தாலியக் கழட்டச் சொல்லுவாகளோ?"

"சொல்ல மாட்டாங்கக்கா. வாசல் கத்தினா கத்தட்டும். பெண்களுக்குத் தனியாத் திரை போட்ட இடம் இருக்கு. அங்கன ஒரு பெண் அதிகாரி கருவியை வச்சுப் பார்த்துட்டு அனுப்பிடுவாங்க. நானும் அப்படித்தான் போயிருக்கேன்."

அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து, அன்று மாலையே அதை எழுதிச் சேர்த்துப் பதிவும் செய்தேன். நிதானமாக, மூச்சு விட்டு: 'போன், பெல்ட், சாவி போன்ற உலோகப் பொருட்களைத் தட்டில் வையுங்கள். தாலியைக் கழற்ற வேண்டியதில்லை.' அந்த வீடியோவில் நான் பெருமைப்பட்ட ஒரே வரி அதுதான்.

வீடியோ வெளியாகி நாலு நாள் கழித்துத்தான் அதை ஏஜென்சியில் உட்கார்ந்து பார்த்தேன். ஊறுகாய் அழுகையை எனக்குத் தெரியாமல் எப்போதோ எடுத்து, பொங்கி வழியும் இசையோடு சேர்த்திருந்தார். என் குரல், 'உலோகப் பொருட்களைத் தட்டில் வையுங்கள்' என்று சொல்லி நின்றது. அடுத்து அவருடைய கடையின் பெயரும் பல்லெல்லாம் தெரியும் அவருடைய படமும்.

"அந்த வரி எங்கே?"

"நீளம் மேடம். இதெல்லாம் எவன் கேக்கப் போறான்? பொதுவா இருந்தாத்தான் எல்லாரும் பாப்பாக."

வாசனை எண்ணெய் பூசிய அந்தத் தலையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. திருத்தச் சொல்லிச் சண்டை போட்டேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். அந்த அம்மாளின் போன் நம்பரைக் கேட்டால், "நேத்தே ஏறிட்டாக" என்றார். நம்பரை மட்டும் அலட்சியமாகக் கொடுத்தார்.

வாட்ஸ்அப்பில் அழைத்தேன். மகளுக்குப் பெண் குழந்தை, சுகப்பிரசவம் என்றார். குரலில் சந்தோஷமே இல்லை.

"தாலிய வீட்டு பீரோவுலயே வச்சுப் பூட்டிட்டேன் தாயி. தட்டுல போட்டு எவனும் எடுத்துட்டான்னா? மஞ்சக் கெழங்கக் கயித்துல கட்டிக்கிட்டு வந்தேன்."

"அக்கா, நான்தான் வேண்டாம்னு சொன்னேனே!"

"சொன்னீக. பெறகு வீடியோவுல மாத்திச் சொன்னீகளே. சட்டம் மாறிருச்சாக்கும்னு நெனச்சேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சம்பந்தியம்மா இங்கனதான் இருக்காக. வாசல்லயே எங் கழுத்தத்தான் பாத்தாக. டிக்கெட்டுக்குத் தாலிய அடகு வச்சியளான்னு மருமகன் முன்னாடியே கேட்டுப்புட்டாக. எம்புட்டுச் சொல்லியும் நம்பல."

அது நான் சொன்னதில்லை, நடுவில் வெட்டிவிட்டார்கள் என்று பதறிப் பதறிச் சொன்னேன்.

"நீங்க சொன்னதக் கேட்டாவது நம்பட்டும்னு வீடியோவ சம்பந்தியம்மாகிட்டயும் போட்டுக் காமிச்சேன் தாயி," என்றார் கடைசியில். "ஊறுகாய்க்கு அழுவுறதப் பாத்துச் சிரிச்சாக."