ஒரே நிமிடத்தில் ஐந்து தடவை

முப்பத்தோரு வருடம் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊருக்கும் உலகுக்கும் இணைப்புக் கொடுத்தவளை, ஓய்வு பெற்ற பிறகும் 'எக்ஸ்சேஞ்ச் பாட்டி' என்றுதான் தெருவில் கூப்பிட்டார்கள். ஒரு தடவைகூட இணைப்பை மாற்றிப் போட்டதில்லை என்பது அவளுடைய பெருமை. அதை எத்தனை தடவை சொன்னாள் என்று கேட்டால் தெருவே சிரிக்கும்.

அப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த வீட்டில் சிக்னல் இல்லை. மாடி வீடுகளுக்குப் பின்னால், கீழ்த்தளத்தில் ஓர் அறையும் சமையலறையும். அங்கே கைபேசி வெறும் டப்பா. காலை ஏழு மணிக்குப் பால் கடைக்குப் போவாள். கடை வாசலில்தான் அதற்கு உயிர் வரும். முந்தின இரவு ஒன்பது மணிக்கு, வேலை முடிந்து மகள் பேசி அனுப்பிய குரல் செய்தி அப்போதுதான் வந்து விழும்.

அதனால் பாட்டி ஒரு கணக்கு வைத்திருந்தாள். மகள் "நாளைக்கு" என்றால் இன்று. "இன்னிக்கு" என்றால் நேற்று. செய்தியின் அடியில் அனுப்பிய நேரம் சின்ன எழுத்தில் இருக்கும். அதை அவள் பார்த்ததே இல்லை. குரல் இருக்கும்போது எழுத்து எதற்கு?

அன்று காலை கடைக்காரரிடம் முதலில் ஒரு வம்பை முடித்தாள்.

"நேத்து எனக்கு ரெண்டு பாக்கெட் குடுத்துட்டியேப்பா. ஃப்ரிட்ஜுல பாத்தேன். வயசாயிடுச்சு உனக்கு."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பேசாமல் சில்லறையை எண்ணத் தொடங்கினார்.

பிறகு கைபேசியைக் காதில் வைத்தாள். மகளின் குரல். "அம்மா, நாளைக்குக் காலைல பத்தரைக்கு உன் முட்டிக்கு டாக்டர்கிட்ட போறோம். ஒம்பது மணிக்கெல்லாம் நம்ம வீட்டுக்கு வந்துடு."

நாளைக்கு என்றால் இன்று. பாலை வீட்டில் போட்டுவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு, முதலில் வந்த பஸ்ஸைப் பிடித்தாள். மகளுக்கு அன்று விடுமுறை என்பதோ, ராத்திரி பேசாமல் அன்று காலை ஆறரைக்குத்தான் அதைப் பேசி அனுப்பினாள் என்பதோ அவளுக்கு எப்படித் தெரியும்?

மகள் வீட்டுச் சாவி ஒன்று பாட்டியிடம் உண்டு. மணி அடித்துப் பழக்கமில்லை. கதவைத் திறந்து உள்ளே வந்தாள். கூடத்தில் ஜன்னல் சாத்தியிருந்தது. காலை ஒன்பது மணிக்கு அந்த மங்கல் அவளுக்குப் பிடிக்கவில்லை. செருப்பைக் கழற்றும்போது உள்ளறையிலிருந்து யாரோ பேசுவது கேட்டது.

"அம்மாதான் பேசறேன். கேஸ்காரர் வந்து ரெகுலேட்டரை மாத்திட்டார். இனிமே வாடை வராது. நீ கவலைப்படாம தூங்கு."

அவளுடைய குரல்.

ஒரு நொடி அமைதி. மறுபடி அதே குரல், அதே நிதானம். "அம்மாதான் பேசறேன். கேஸ்காரர் வந்து..."

பாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டாள். தான் இங்கே நிற்கும்போது உள்ளே பேசுவது யார்? மூன்றாவது தடவையும் கேட்டது. போனவர்களுடைய குரலைத்தான் வீட்டில் இப்படி மறுபடி மறுபடி போட்டுக் கேட்பார்கள். அவளே தன் கணவரின் ஒலிநாடாவை அப்படிப் போட்டுக் கேட்டிருக்கிறாள். தான் பஸ் ஏறியது உண்மைதானா என்று அவளுக்கு ஐயம் வந்தது. மணிக்கட்டைக் கிள்ளிப் பார்த்தாள். வலித்தது. பயம் மட்டும் போகவில்லை.

கதவைத் தள்ளினாள். கட்டிலில் மகள். மடியில் கைபேசி, கையில் பேனா, பக்கத்தில் ஒரு தாள். அம்மாவைப் பார்த்ததும் பேயைப் பார்த்தவள் போல எழுந்தாள்.

"அம்மா! நாளைக்கு இல்ல வரச் சொன்னேன்?"

"நாளைக்குன்னுதானடி சொன்னே. அதான் இன்னிக்கு வந்தேன்."

மகளின் கண்ணில் பொலபொலவென்று நீர் வந்துவிட்டது. அவள் தாளைக் குப்புறக் கவிழ்ப்பதற்குள் பாட்டி எடுத்துவிட்டாள். பெரிய எழுத்தில் இருந்ததால் படிக்க முடிந்தது. 'மறதி டாக்டரிடம் காட்ட. ஒரே சேதி ஐந்து தடவை. நேற்று: 7.05, 7.05, 7.05, 7.05, 7.05.'

"முட்டிக்கு டாக்டர்னு சொன்னே?"

"சொன்னா வரமாட்டேன்னு... மன்னிச்சுடும்மா."

பாட்டிக்குக் கோபம் தலைக்கேறியது. பைத்தியக்காரப் பட்டம் கட்டி, வீட்டைப் பூட்டி, எங்காவது கொண்டுபோய்த் தள்ளிவிடுவார்களோ என்ற பயம் அதைவிட மேலே ஏறியது. ஆனால் முப்பத்தோரு வருடப் பழக்கம் லேசில் விடுமா? தாளை விரலால் தட்டினாள்.

"ஒண்ணொண்ணும் எவ்வளவு நேரம் ஓடுது?"

"இருபத்தஞ்சு செகண்ட்."

"அஞ்சு தடவை பேச ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகும். ஒரே நிமிஷத்துல எப்படிடி பேசுவேன்? முந்தாநாள் சாயங்காலம் வீட்டுல உக்காந்து பேசினேன். குட்டிக் கடிகாரம் வந்துது. டிக் விழல. நீதானே சொல்லிக்குடுத்தே, கடிகாரம் இருந்தா போகலைன்னு? லைன் போகலைன்னா மறுபடி போடறதுதான் என் வேலை. அஞ்சு தடவை போட்டேன். எல்லாம் டப்பாக்குள்ள காத்துக்கிட்டு இருந்துட்டு, காலைல பால் கடைல சிக்னல் வந்ததும் மொத்தமா ஓடி வந்திருக்கு."

மகள் தாளைப் பார்த்தாள். தானே எழுதிய ஐந்து நேரங்கள். அடுத்து, அம்மாவின் 'நாளைக்கு' கணக்கும் அவளுக்கு விளங்கியது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

"நான்தாம்மா லூசு."

"சந்தேகமே இல்ல. அந்த அஞ்சாவதைப் போடு. என் குரல் எப்படி இருக்குன்னு கேக்கலாம்."

போட்டாள். கேட்டு இருவரும் சிரித்தார்கள். ஒரு குரல் செய்தி முடிந்தால் அடுத்தது தானே ஓடும். ஓடியது.

தெருச் சத்தம். ஹாரன். யாரோ மூச்சு வாங்குவது.

"இது நேத்து மத்தியானம் வந்தது" என்றாள் மகள். "வேலைல இருந்தேன். இதுவும் அதே சேதிதான்னு நெனச்சு இன்னும் கேக்கல."

பாட்டியின் குரல், ஆனால் இளமையான குரல், மணி அடித்த மாதிரி: "நம்பர் சொல்லுங்க. இணைப்புத் தர்றேன். லைன்ல இருங்க."

நடுவில் பால் கடைக்காரரின் குரல்: "பாட்டி, காலைலதானே பால் வாங்கிட்டுப் போனீங்க? மறுபடி ஒண்ணா? ஏன் வெயில்ல நிக்கறீங்க?"

பதில் இல்லை. நெடுநேரம் தெருச் சத்தம் மட்டும். பிறகு மெதுவாக, "அந்தப் பக்கம் யாரும் எடுக்கலங்க."

முடிந்தது.

மகள் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தது பாட்டிக்கு நன்றாக நினைவிருந்தது. எழுந்தது மாலையில். நடுவில் எங்கும் போகவில்லை. போகவே இல்லை. ஃப்ரிட்ஜில் இரண்டு பாக்கெட் பால் இருந்தது. இன்று காலை கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

 

"இது எத்தனை மணிக்கு?"

"விடும்மா."

"மணி கேட்டேன்."

"ரெண்டு நாப்பது."

பாட்டி பேனாவை எடுத்து ஐந்து 7.05-களையும் ஒவ்வொன்றாக அடித்தாள். பிறகு தாளை மகளிடம் நீட்டினாள்.

"ரெண்டு நாப்பதுன்னு எழுதிக்கோ. எனக்குப் பயமா இருக்குடி. நாளைக்குப் பத்தரைதானே? இன்னிக்கு ராத்திரி இங்கேயே இருக்கேன். வெளிக்கதவைப் பூட்டி, சாவியை நீ வெச்சுக்கோ."