தீபாவளிக்கு முந்தின முப்பது நாள்

சிவசக்திக்கு வாய் சும்மா இருக்காது. லுணுகலை புடவைக்கடையில் பத்தொன்பது வருஷம் நின்றவள். எந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுப் பிள்ளைக்கு எந்த அளவு கவுன் என்று அளவு நாடா இல்லாமலே சொல்லுவாள். அந்த வாய்தான் அவளுக்கு வினையாக வந்தது.

2024 டிசம்பரில் பதுளையிலிருந்து முதலாளியின் மகன் ஷாமில் வந்தான். லுணுகலைக் கிளையை மூடுவதா, வைத்திருப்பதா என்று வாப்பாவுக்கும் மகனுக்கும் இழுபறி.

"ஒன்னும் விளங்கல்ல அக்கா. போன வருஷத்தைவிட ஒக்டோபர் வியாபாரம் ஏறியிருக்கு, நவம்பர் படுத்திருக்கு. இன்னொரு வருஷம் பார்ப்போம்னு வாப்பா சொல்றார்."

அட, அத்தோடு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கலாமே! அவளுக்கோ சுர்ரென்று ஏறிவிட்டது.

"படுத்துச்சா? என்ன தம்பி பேச்சு இது! போன வருஷம் தீபாவளி நவம்பர் பன்னெண்டு. இந்த வருஷம் ஒக்டோபர் முப்பத்தொன்னு. பண்டிகை முடிஞ்ச பொறவு எவ சேலை வாங்க வருவா? ஒங்க நோன்புப் பெருநாளும்தான் வருஷா வருஷம் முந்தி வருது, அதை மாசத்தை வச்சா பார்க்குறீங்க? தீபாவளிக்கு முந்தின முப்பது நாளை எடுத்து, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க."

"சரிதான்" என்று சிரித்தான் ஷாமில். பில் புத்தகங்களை இறக்கினார்கள். போன வருஷத்துக்கு ஒக்டோபர் பதின்மூன்று முதல் நவம்பர் பதினொன்று வரை. இந்த வருஷத்துக்கு ஒக்டோபர் ஒன்று முதல் முப்பது வரை. இரண்டிலும் தோட்டத்துச் சம்பள நாள் ஒன்று விழுகிறதா என்றுகூடப் பார்த்துக்கொண்டாள். தானே எண்ணினாள்.

போன வருஷம் ஆயிரத்து இருநூற்று நாற்பது பில். இந்த வருஷம் தொள்ளாயிரத்துப் பத்து.

மறுபடி எண்ணினாள். அதேதான். ஒக்டோபர் ஏறியதெல்லாம் பண்டிகை அதற்குள் நகர்ந்து வந்ததால்தான். கடை கால்வாசிக்கு மேல் இறங்கியிருந்தது. வாடிக்கைக்காரி விஜயலெட்சுமியின் மகள்கள் கொழும்பிலேயே துணி எடுத்து வந்துவிட்டார்கள். இன்னொரு வாடிக்கை இராக்கம்மா வீட்டில் லயத்து அறையையே பூட்டிவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த கிழமை வருவார்கள், அடுத்த கிழமை வருவார்கள் என்று சிவசக்தி தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"வேற ஏதும் காரணம் இருக்குமா அக்கா? மழை, கிழை?" அவளுக்காகத்தான் கேட்டான், பாவம். ஒரு பொய் போதும், கடை இன்னொரு வருஷம் நிற்கும்.

"ரெண்டு வருஷமும் மழைதான் தம்பி. கணக்கு சரி."

ஜனவரியோடு கடைக்குப் பூட்டு. பதுளைக் கடைக்கு வரச் சொன்னான் ஷாமில். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் புருஷனை விட்டுவிட்டு எங்கே போவாள்? பழையபடி கொழுந்துக் கூடையைத் தூக்கினாள்.

2025இல் தீபாவளி ஒக்டோபர் இருபது. செப்டம்பர் இருபதாம் திகதி காலை, மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது.

"என்னடி, ஒடம்புக்கு முடியலையா?" என்றாள் பக்கத்து நிரைக்காரி.

"முப்பதுல இன்னைக்குத்தான் மொத நாள்" என்றாள் சிவசக்தி. சொல்லிவிட்டு, யார் பார்த்தால் என்ன என்று அழுதாள்.